லூனாக்குட்டி போய்விட்டாள்

வலென்சியா நகரத்தில் ஒரு பெண். அவளுடைய தோழி திருச்சியில் இருக்கிறாள். ஒரு காலத்தில் இருவரும் ஸ்பெயினில் ஒரே அறையில் தங்கிப் படித்தவர்கள். படிப்பு முடித்து ஊர் திரும்பிய தோழி, தெருவில் கிடந்த ஒரு நாய்க்குட்டியைத் தூக்கி வந்து வளர்த்தாள். ஸ்பானிய மொழியில் நிலவுக்கு லூனா என்று பெயர். அந்தப் பெயரையே குட்டிக்கும் வைத்தாள். வலென்சியாக்காரி ஒருமுறை திருச்சிக்கு வந்து அந்த வீட்டில் பத்து நாள் தங்கியும் போனாள். லூனாவுக்கு 13 வயது. போன வாரம் மூச்சு நின்றுவிட்டது.

இது உதாரணத்துக்கு எடுத்துக்கொண்ட கதைதான். ஆனால் இப்படியொரு ஆறுதல் குறிப்பு எழுதும் நிலை யாருக்கும் வரலாம். வலென்சியாக்காரிக்குத் தன் மொழியில் எழுதினால்தான் மனதில் இருப்பது வெளியே வரும். லூனாவுக்கு தினமும் சோறு பிசைந்து வைத்த அம்மாவும் சேர்ந்து படிக்க வேண்டுமென்றால் குறிப்பு தமிழில் இருக்க வேண்டும். எனவே இரண்டு மொழியும் தெரிந்த ஒருவரிடம் அது வந்து சேர்கிறது. மொத்தமே ஒன்பது வரி. சொல்லுக்குச் சொல் தமிழாக்கினால் இப்படி வரும்:

"அன்பான தோழி, உன் சின்ன நாயை நீ இழந்தாய் என்று இப்போதுதான் அறிந்தேன். அதை மிக மிக உணர்கிறேன். லூனா குடும்பத்தில் இன்னுமொருத்தி. என் செருப்பைத் திருடிக்கொண்டு கட்டிலுக்கு அடியில் ஒளிந்தது நினைவிருக்கிறது. நமக்கு அவள் போய்விட்டாள். வானவில்லைக் கடந்துவிட்டாள். உணர்வில் உனக்குத் துணை வருகிறேன். நீ எனக்குப் பதில் எழுத வேண்டியதில்லை. மிகப் பலமான ஓர் அணைப்பு."

ஒரு சொல்லும் தவறில்லை. ஆனால் இதை அந்த அம்மாவிடம் படித்துக் காட்ட முடியாது.

முதல் சிக்கல் 'அதை மிக மிக உணர்கிறேன்' என்ற இரண்டாவது வரியில். ஸ்பானியத்தில் அது 'லோ சியென்தோ முச்சீஸிமோ'. சென்தீர் என்றால் உணர்தல். தெருவில் ஒருவர் காலை மிதித்துவிட்டாலும் 'லோ சியென்தோ' என்பார்கள், சாவு வீட்டிலும் அதையே சொல்வார்கள். ஒரே தொடர் மன்னிப்புக்கும் துக்கத்துக்கும் பொது. தமிழில் இரண்டும் வேறு வேறு பேச்சு. இதைக் கவனிக்காமல் மொழிபெயர்ப்பவர், பெரும்பாலும் ஆங்கில வழியாகப் போகிறவர், 'மன்னிக்கவும்' என்று எழுதிவிடுகிறார். நாயை இழந்தவள் அதைப் படித்துவிட்டு, இவள் எதற்கு நம்மிடம் மன்னிப்புக் கேட்கிறாள் என்று ஒரு கணம் திகைப்பாள். அந்தத் திகைப்பிலேயே ஆறுதல் போய்விடும்.

வேறு ஒரு வழியும் உண்டு, 'ஆழ்ந்த இரங்கலைத் தெரிவித்துக்கொள்கிறேன்'. அது சுவரொட்டிக்கும் செய்தித்தாள் விளம்பரத்துக்கும் உரிய தமிழ். கட்சிக்காரர் ஒருவர் இன்னொரு கட்சிக்காரருக்குச் சொல்வது. ஒரே அறையில் படுத்து எழுந்த தோழிக்கு அதை எழுதினால் நடுவில் ஒரு மேசையைப் போட்டு உட்கார்ந்தது போலாகும்.

இங்கே ஸ்பானிய மொழியே ஒரு வழி காட்டுகிறது. துக்கம் விசாரிப்பதற்கு அந்த மொழியில் 'பேஸாமே' என்று ஒரு பெயர்ச்சொல் இருக்கிறது. 'பேஸா மே', அதாவது 'எனக்குப் பாரமாக இருக்கிறது' என்ற இரண்டு சொற்கள் ஒட்டி உண்டானது அது. துக்கத்தை எடையாகச் சொல்லும் வழக்கம் தமிழுக்கும் சொந்தம். கேட்டதும் மனசு கனத்துப்போச்சு என்றுதான் நம் வீடுகளில் சொல்கிறோம். ஆகவே 'லோ சியென்தோ' என்பதற்கு இந்தக் குறிப்பில் 'கேட்டதிலிருந்து மனசு கனத்துக் கிடக்கிறது' என்பது சரியாகப் பொருந்தும். உணர்தல் என்ற வினை மறைந்துவிட்டது, உணர்ச்சி வந்துவிட்டது.

அடுத்தது முதல் வரி. அதில் மூன்று கண்ணிகள் ஒன்றாக இருக்கின்றன.

'என்தெரார்மே' என்றால் தெரியவருதல். அதோடு ஒட்டிப் பிறந்தது போல் 'என்தெர்ரார்' என்று ஒரு சொல் இருக்கிறது, அதற்குப் புதைத்தல் என்று பொருள். எழுத்தில் பார்த்தால் ஒரே ஒரு ரகரம்தான் கூடுதல். ஸ்பானியம் புதிதாகப் படிப்பவர்கள் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வது வழக்கம். மரணத்தைப் பற்றிய கடிதத்தில் குழப்பம் இன்னும் எளிதில் வரும், ஏனென்றால் புதைத்தல் என்ற பொருளும் அந்த இடத்தில் பொருந்துவது போலவே தோன்றும். நிதானமாகப் படிப்பதைத் தவிர வேறு மருந்தில்லை.

'பெர்தேர்' என்ற வினைக்கு இழத்தல், தொலைத்தல் இரண்டும் பொருள். நாய் எங்கோ ஓடிப்போய்விட்டதா, இறந்துவிட்டதா என்பது சுற்றியுள்ள வரிகளை வைத்துத்தான் தெரியும். 'சே மே பெர்தியோ' என்ற அமைப்பு வந்தால் கை தவறித் தொலைந்துபோனது என்ற பக்கம் சாயும். இந்தக் குறிப்பில் 'போய்விட்டாள்' என்று பின்னால் வருவதால் ஐயமில்லை. முதல் வரியை மட்டும் படித்துவிட்டு 'லூனா தொலைந்துபோனது தெரிந்தது' என்று எழுதியவர், அடுத்து 'சீக்கிரம் கிடைத்துவிடும்' என்று தன் பங்குக்கு ஒரு நம்பிக்கையையும் சேர்த்துவிட்டால் அது பெரிய கொடுமை.

மூன்றாவது கண்ணி 'பெர்ரீதா'. பெர்ரா என்றால் பெண் நாய். அதோடு 'ஈதா' சேர்ந்தால் சின்ன நாய். அகராதி அவ்வளவுதான் சொல்லும். ஆனால் பிறந்து சில மாதமான குட்டிக்கு ஸ்பானியத்தில் 'கச்சோர்ரோ' என்று தனிச்சொல் உண்டு. 'ஈதா' என்பது உருவத்தின் அளவு அல்ல, பிரியத்தின் அளவு. 13 வயதில், கண் மங்கி, படி ஏற முடியாமல் கிடந்த கிழ நாயும் பெர்ரீதாதான். அதை 'நாய்க்குட்டி' என்று தமிழில் எழுதினால், வேறு ஏதோ குட்டி செத்துப்போனது என்று படிப்பவர்கள் எண்ணக்கூடும். நல்ல வேளையாக, தமிழிலும் இதற்குச் சமமான ஒன்று இருக்கிறது. 'குட்டி' என்ற அதே சொல்லைப் பெயருக்குப் பின்னால் ஒட்டினால் வயது போய்விடுகிறது, செல்லம் மட்டும் மிஞ்சுகிறது. 'லூனாக்குட்டி'. நாற்பது வயது மகளைக் கூட அம்மாக்கள் அப்படித்தானே கூப்பிடுகிறார்கள்.

பெயர் வந்துவிட்டால் 'நாய்' என்ற சொல்லே வேண்டியதில்லை. ஸ்பானியத்தில் பெர்ரா என்று எழுதுவதில் குறை ஒன்றும் தெரியாது. தமிழில் 'உன் நாய் இறந்தது' என்றால் காதில் உறைக்கிறது, அந்தச் சொல்லை நாம் வசவாகவும் பயன்படுத்திப் பழகிவிட்டதால். 'செல்லப்பிராணி' என்பது செய்திக்கும் விளம்பரப் பலகைக்கும் ஆகும், வீட்டுக்குள் யாரும் அப்படிப் பேசுவதில்லை. பெயரைச் சொல்வதுதான் மரியாதை. திருவண்ணாமலை மாவட்டம் எடத்தனூரில் பல்லவர் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது. மாட்டு மந்தையைக் காக்கும் சண்டையில் இறந்த வீரனுக்காக நட்ட கல். வீரனோடு அவன் நாயும் அதில் செதுக்கப்பட்டிருக்கிறது. அந்த நாயின் பெயர் கோவிவன் என்றும், இரண்டு கள்ளரைக் கடித்துக் காத்து நின்றது என்றும் கல்லெழுத்து சொல்கிறது. ஏறத்தாழ 1,400 ஆண்டுகளுக்கு முன் உளி பிடித்தவர் ஒரு நாயைப் பற்றிச் சொல்லத் தேர்ந்தெடுத்தவை இரண்டுதான், அதன் பெயர், அது செய்த காரியம். வலென்சியாக்காரியின் குறிப்பிலும் உயிருள்ள பகுதி அதே இரண்டுதான், லூனா என்ற பெயரும் செருப்பைத் தூக்கிக்கொண்டு ஓடிய கதையும்.

இனி இந்தக் குறிப்பின் நடுவில் இருக்கும் கேள்விக்கு வரலாம். லூனா 'அது'வா, 'அவளா'?

ஸ்பானிய இலக்கணத்தில் ஒரு சிறிய 'ஆ' உண்டு. ஒரு மனிதரைப் பார்த்தேன், இழந்தேன், தேடினேன் என்று சொல்லும்போது செயப்படுபொருளுக்கு முன்னால் அந்த 'ஆ' வரும். புத்தகத்தையோ குடையையோ சொல்லும்போது வராது. விலங்குகள் நடுவில் நிற்கின்றன. தெருவில் ஏதோ ஒரு நாயைப் பார்த்தேன் என்றால் 'ஆ' வேண்டாம், என் நாயைப் பார்த்தேன் என்றால் பெரும்பாலும் 'ஆ' வந்துவிடும். வலென்சியாக்காரி எழுதியது 'பெர்திஸ்தே ஆ து பெர்ரீதா'. அந்த ஓரெழுத்தில் லூனா பொருள்களின் வரிசையிலிருந்து எழுந்து மனிதர்களின் வரிசைக்கு வந்துவிட்டாள்.

தமிழ் இதைப் புரிந்துகொள்ளாத மொழி அல்ல. 'புத்தகம் வாங்கினேன்' என்று ஐகாரம் இல்லாமல் சொல்லலாம். 'தம்பி பார்த்தேன்' என்று சொல்ல முடியாது, 'தம்பியைப் பார்த்தேன்' என்றுதான் சொல்ல வேண்டும். 'மாடு வாங்கினான்', 'ஆடு மேய்த்தான்' என்றால் ஐ வேண்டாம். அந்த மாட்டுக்கு லட்சுமி என்று பெயர் வைத்துவிட்டால் 'லட்சுமியை' என்றாகிவிடும். ஸ்பானிய 'ஆ' செய்யும் வேலையை நம்முடைய ஐ வேற்றுமை கிட்டத்தட்ட அதே இடங்களில் செய்கிறது. ஆனால் தமிழில் இதைவிடப் பெரிய பிரிவு வினைமுற்றில் இருக்கிறது. மனிதர் உயர்திணை, விலங்கும் பொருளும் அஃறிணை. 'போய்விட்டாள்', 'போய்விட்டது' என்பதில் ஒன்றைத் தேர்ந்தெடுக்காமல் வாக்கியத்தை முடிக்கவே முடியாது. ஸ்பானியத்தில் 'சே நோஸ் ஃபுவே' என்றால் போனது அவளா அதுவா என்று அந்த வினை சொல்வதில்லை. எழுதியவர் முடிவு செய்யாமல் விட்ட ஒன்றை மொழிபெயர்ப்பவர் முடிவு செய்தே ஆக வேண்டும்.

இலக்கணம் இதற்கு முன்பே அனுமதி கொடுத்திருக்கிறது. 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல், மகிழ்ச்சியாலும் உயர்வாலும் சிறப்பாலும் திணை மாறிப் பேசுவது குற்றமில்லை என்று ஏற்கிறது. உரையாசிரியர்கள் இதற்குக் காட்டும் உதாரணம் ஒரு பசு. அதன்மேல் உள்ள பிரியத்தால் அதை அம்மை என்று அழைத்து, 'வந்தாள்' என்று முடிப்பதைத் திணை வழுவமைதி என்று சொல்லிக்கொடுக்கிறார்கள். வழுதான், ஆனால் அமைந்துபோகலாம். தோழிக்கு எழுதும் குறிப்பில் 'லூனா போய்விட்டாள்' என்று எழுதுகிறவர் புது வழக்கம் எதையும் கொண்டுவரவில்லை.

அதற்காக 'போய்விட்டது' என்றால் பாசமில்லை என்று ஆகிவிடாது. 'குழந்தை தூங்குகிறது', 'பாப்பா அழுகிறது' என்றுதானே பெற்ற குழந்தையையே சொல்கிறோம். தமிழில் 'அது' சில நேரம் 'அவளை'விட நெருக்கம். எனவே சரியான விடை இலக்கண நூலில் இல்லை, தோழியின் வாயில் இருக்கிறது. அவள் அனுப்பிய செய்தியில் லூனாவைப் பற்றி 'சாப்பிடவே மாட்டேங்குறா' என்று எழுதியிருந்தாளா, 'சாப்பிடவே மாட்டேங்குது' என்று எழுதியிருந்தாளா என்று வலென்சியாக்காரியிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். 'மாட்டேங்குறா' என்று எழுதிய ஒருத்திக்கு 'போய்விட்டது' என்று பதில் போனால் காயத்தில் கை வைத்தது போலிருக்கும். இந்தக் கதையில் தோழி 'மாட்டேங்குறா' என்று எழுதியவள் என்றே கொள்வோம்.

ஸ்பெயின் நாட்டுச் சட்டமும் அண்மையில் இதே கோட்டைத் தாண்டியிருக்கிறது. 2021 டிசம்பரில் நிறைவேறிய 17ஆம் எண் சட்டம், 2022 ஜனவரி 5 முதல் நடைமுறைக்கு வந்தது. அதுவரை அந்நாட்டு உரிமையியல் சட்டத்தில் விலங்குகள் பொருள்களோடு சேர்க்கப்பட்டிருந்தன. அதற்குப் பிறகு அவை உணர்வுள்ள உயிர்கள். கணவன் மனைவி பிரியும்போது நாய் யாரோடு இருக்கும் என்பதையும் அதன் நலனைப் பார்த்து நீதிமன்றம் முடிவு செய்கிறது.

'உனா மாஸ் தே லா ஃபமீலியா', குடும்பத்தில் இன்னுமொருத்தி என்ற வரி, திணை முடிவானதும் தானே சரியாகிவிடும். 'ஒன்று' அல்ல, 'ஒருத்தி'. 'உங்கள் குடும்பத்தில் ஒரு அங்கத்தினர்' என்று எழுதினால் ரேஷன் கார்டு நினைவுக்கு வரும். 'உங்கள் வீட்டுப் பெண்ணாகத்தானே வளர்ந்தாள்' என்பது ஒரு சொல் கூடுதல்தான். ஆனால் ஸ்பானியக்காரி சொல்ல வந்தது அதைத்தான்.

'சே நோஸ் ஃபுவே' என்பதில் உள்ள 'நோஸ்' அழகான ஒன்று. நமக்கு, நம்மிடமிருந்து என்று அதற்குப் பொருள். அவள் போனதில் எனக்கும் இழப்பு இருக்கிறது என்று எழுதியவர் அந்த ஒரு சொல்லில் சொல்லிவிடுகிறார். தமிழில் 'நம்மை விட்டுப் போய்விட்டாள்' என்று காலங்காலமாகச் சொல்லி வருகிறோம், 'உன்னை விட்டு' அல்ல, 'எங்களை விட்டு' அல்ல, 'நம்மை விட்டு'. முன்னிலையையும் சேர்த்துக்கொள்ளும் இந்த 'நாம்' ஸ்பானியத்தில் கூடத் தனியாக இல்லை. இந்த ஓரிடத்தில் தமிழ் மூலத்தைவிட ஒரு படி நெருங்கி நிற்கிறது.

வானவில் வரியை என்ன செய்வது? நாயோ பூனையோ இறந்தால் 'வானவில் பாலத்தைக் கடந்துவிட்டது' என்று ஸ்பானியம் பேசும் நாடுகளில் இப்போது பரவலாக எழுதுகிறார்கள். அது அவர்களுடைய பழைய நம்பிக்கையில் வந்ததன்று. ஸ்காட்லாந்தைச் சேர்ந்த எட்னா கிளைன் ரெக்கி என்ற பெண், 1959இல் தன் மேஜர் என்ற லாப்ரடார் நாய் இறந்தபோது, 19 வயதில் எழுதிய சிறு உரைநடைக் கவிதையிலிருந்து பிறந்தது. எழுதியவர் பெயரே இல்லாமல் உலகம் சுற்றிய அது, அவருடையது என்று 2023இல்தான் பரவலாகத் தெரிய வந்தது. திருச்சியில் இருக்கும் அம்மாவுக்கு இந்தப் பின்னணி எதுவும் தெரியாது. 'வானவில்லைக் கடந்துவிட்டாள்' என்றால் என்ன என்று அவர் மகளைக் கேட்பார். துக்கத்தில் இருக்கும் மகள் விளக்கம் சொல்ல வேண்டிவரும். அதற்குப் பதிலாக 'சொர்க்கத்துக்குப் போய்விட்டாள்', 'ஆத்மா சாந்தியடையட்டும்' என்று மாற்றினால், எழுதியவள் சொல்லாத நம்பிக்கையை அவள் வாயில் திணிப்பதாகும். வலென்சியாக்காரியிடம் கேட்டுவிட்டு அந்த வரியை எடுத்துவிடுவதே சரி. கேட்காமல் எடுப்பது சரியல்ல, அது அவளுடைய கடிதம்.

கடைசி வரிகள் இரண்டுக்கும் பொதுவான ஒரு தன்மை உண்டு. 'தே அகோம்பான்யோ என் எல் சென்திமியென்தோ' என்பது ஸ்பெயினில் எல்லாத் துக்க வீட்டிலும் சொல்லும் தொடர். நாள்பட்ட நாணயம் போல் தேய்ந்தது. தோழிக்கு எழுதும்போது மட்டும் அதிலுள்ள 'துணை வருதல்' மறுபடி உயிர் பெறுகிறது. 'உணர்வில் துணை' என்றால் தமிழில் புரியாது. 'இந்தத் துக்கத்தில் நானும் உன்கூடத்தான் இருக்கிறேன்' என்றால் புரியும். கடித முடிவில் 'அப்ராத்தோ', அணைப்பு, ஸ்பானியத்தில் அன்றாட வழக்கு. வேலை விஷயமாக எழுதும் கடிதத்தில் கூட வரும். நம் 'அன்புடன்' போல. ஆனால் 'மிகப் பலமான' என்று சேர்த்து எழுதும்போது, அது வெறும் சம்பிரதாயமாக இருப்பதில்லை. 'அன்புடன்' என்று முடித்தால் குறைந்துபோகும், 'பலமாக அணைக்கிறேன்' என்றால் அம்மா முன் படிக்கக் கூச்சமாக இருக்கும். துக்கம் கேட்கப் போகிற வீட்டில் நம் பெண்கள் என்ன செய்கிறார்கள்? பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொள்கிறார்கள். அதையே எழுதலாம்.

'நீ' என்று அழைப்பது இங்கே பொருத்தம், இருவரும் ஒரே வயதுத் தோழிகள் என்பதால். ஸ்பெயினில் மூத்தவர்களைக் கூட நெருக்கமாக 'தூ' என்று அழைப்பார்கள். அந்தக் குறிப்பு பத்து வயது மூத்த அக்காவுக்குப் போவதாக இருந்தால் 'நீங்கள்' என்று மாற்ற வேண்டும். 'டி' போட்டு எழுதலாமா என்றால், திருச்சித் தோழிகளுக்குள் அது இயல்பு. ஆனால் ஒரு வலென்சியாக்காரியின் வாயில் அது ஒட்டாது.

எல்லாம் சேர்ந்து தமிழில் இப்படி வருகிறது:

"அன்புத் தோழிக்கு,

லூனாக்குட்டி நம்மை விட்டுப் போய்விட்டாள் என்று இப்போதுதான் தெரிந்தது. கேட்டதிலிருந்து மனசு கனத்துக் கிடக்கிறது. உங்கள் வீட்டுப் பெண்ணாகத்தானே வளர்ந்தாள். என் செருப்பைத் தூக்கிக்கொண்டு ஓடிக் கட்டிலுக்கு அடியில் ஒளிந்துகொண்டாளே, அதுதான் கண்ணுக்குள் நிற்கிறது. இந்தத் துக்கத்தில் நானும் உன்கூடத்தான் இருக்கிறேன். இதற்குப் பதில் எழுத வேண்டும் என்று நினைக்காதே. பக்கத்தில் உட்கார்ந்து உன் கையைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன் என்று வைத்துக்கொள்."

இழந்தாய் என்ற வரியும் போய்விட்டாள் என்ற வரியும் ஒன்றாகக் கலந்துவிட்டன. ஒரே செய்தியைத் தமிழில் இரண்டு முறை சொன்னால் இரண்டாவது முறை குத்தும். வானவில் போயிற்று. செருப்பு அப்படியே இருக்கிறது. அதைத் தொடக்கூடாது, கூட்டவும் கூடாது. 'வாலை ஆட்டிக்கொண்டு' என்று மொழிபெயர்ப்பவர் தன் கற்பனையைச் சேர்த்தால், லூனா உண்மையில் அப்படிச் செய்யவில்லை என்பது அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

இதுபோன்ற குறிப்பு உங்கள் கைக்கு வந்தால், அனுப்பும் முன் ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். நாயின் பெயரை அந்த வீட்டார் எப்படி உச்சரிக்கிறார்கள் என்று கேட்டு அப்படியே எழுதுங்கள். அவர்கள் 'போயிருச்சு' என்று சொல்கிறவர்களாக இருந்தால், 'போய்விட்டாள்' என்பதை எடுத்துவிட்டுப் 'போய்விட்டது' என்று மாற்றி அனுப்புங்கள்.